‘இன்றைக்கும் இப்படி ஆகிவிடுமோ’ என்ற நினைப்பு விறைப்பை எப்படிக் குலைக்கிறது?

கேள்வி: எனக்கு 30 வயது. கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. தனியாக இருக்கும்போதும், காலையில் எழும்போதும் விறைப்பில் எந்தக் குறையும் இல்லை. மனைவியோடு சேரும் நேரத்தில் மட்டும் பாதியில் போய்விடுகிறது. ‘இன்றைக்கும் இப்படி ஆகிவிடுமோ’ என்று நினைத்தாலே அப்படித்தான் ஆகிறது. இது உடம்புக் கோளாறா, மனசுக் கோளாறா? இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

பதில்:

விறைப்பு என்றதும் தசை இறுகுவதுதான் நினைவுக்கு வரும். உண்மையில் நடப்பது அதற்கு நேர்மாறானது. ஆண்குறிக்குள் பஞ்சு போன்ற திசுவாலான இரண்டு நீண்ட உருளைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களிலும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களிலும் மென்தசை இருக்கிறது. சாதாரண நேரங்களில் இந்தத் தசை சுருங்கியே இருக்கிறது. நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அதை இடைவிடாமல் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் உறுப்பு சிறுத்துத் துவண்டிருக்கிறது. பாலுணர்வு எழும்போது முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும், உடல் அமைதியாக இருக்கும்போது இயங்கும் எதிர்ப்பரிவு நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அது பட்டவுடன் தசை தளர்கிறது, குழாய்கள் விரிகின்றன, பஞ்சுக்குள் ரத்தம் நிறைகிறது. நிறைந்து விம்மிய பஞ்சு, ரத்தம் வெளியேறும் சிரைகளைத் தன் உறைக்கு எதிராக அழுத்தி அடைத்துக்கொள்வதால் உள்ளே வந்த ரத்தம் உள்ளேயே தங்குகிறது. ஆக, வெளியே தெரியும் விறைப்பு உள்ளே நடக்கும் தளர்வின் விளைவு.

இந்த மென்தசை கைகால் தசைகளைப் போல நம் ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை. மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதை நினைத்தால் வாயில் நீர் ஊறும்; ‘ஊறு’ என்று வாய்க்கு உத்தரவிட்டால் ஊறாது. விறைப்பும் அதே வகையைச் சேர்ந்தது. ‘வா’ என்றால் வராது. அது வருவதற்கு வேண்டிய சூழல் அமைந்தால் தானாக வரும். தூக்கத்தில் யாரும் முயற்சி செய்வதில்லை. ஆயினும் ஆரோக்கியமான ஆணுக்கு ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை, பெரும்பாலும் கனவு காணும் உறக்கக் கட்டத்தில், விறைப்பு வந்து போகிறது. நீங்கள் காலையில் காண்பது அந்த வரிசையில் கடைசியாக வந்ததைத்தான்.

இனி பயத்தின் பங்கைப் பார்ப்போம். பயந்தவுடன், ஆபத்தைச் சந்திக்க உடலை ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை குளிர்ந்து வியர்க்கிறது, அட்ரினலினும் நார்அட்ரினலினும் உடலெங்கும் பரவுகின்றன. உறுப்பின் தசையை இறுக்கிச் சுருக்குகிற அதே நார்அட்ரினலின்தான் இது. எனவே பயந்த உடல் விறைப்பைக் கைவிடுவது கோளாறு அன்று; துரத்தும் நாயிடமிருந்து ஓடுகிறவனுக்கு அது தேவையில்லை என்று உடல் சரியாகவே கணக்குப் போடுகிறது. தவறு கணக்கில் இல்லை, படுக்கையறையை அது ஆபத்தான இடமாகக் கருதியதில் இருக்கிறது. நம் ஊரில் இந்த நிலைக்கு ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயர் வைத்திருப்பதை நான் ஒவ்வொரு முறையும் சிறு சலிப்போடுதான் கேட்கிறேன். தளர வேண்டிய தசை தளர மறுப்பதற்குத் ‘தளர்ச்சி’ என்று பெயர்!

ஆனால் பயம் மட்டுமே காரணம் என்று முடித்துவிட்டால் ஒரு கேள்வி எஞ்சும். மணமான எல்லா ஆண்களுக்கும் முதல் சில இரவுகளில் பதற்றம் இருக்கத்தானே செய்கிறது. எல்லோருக்கும் ஏன் இப்படி ஆவதில்லை? 1980களில் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் டேவிட் பார்லோ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதை ஆய்வகத்தில் சோதித்தார்கள். குறையேதும் இல்லாத ஆண்களுக்குக் காமக் காட்சிகளைக் காட்டி, உறுப்பின் சுற்றளவு மாறுவதைக் கருவி கொண்டு அளந்தார்கள். ஒரு கட்டத்தில், ‘போதிய விறைப்பு வராவிட்டால் கையில் மின்னதிர்ச்சி தரப்படக்கூடும்’ என்று மிரட்டினார்கள். விறைப்பு குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள், அது கூடியது. ஏற்கெனவே விறைப்புக் குறையால் அவதிப்பட்ட ஆண்களிடம் இதே மிரட்டல் எதிர் விளைவைத் தந்தது. பிறகு கவனத்தை வேறு பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். காட்சி ஓடும்போதே காமத்தோடு தொடர்பில்லாத ஏதோ ஒன்றைக் கேட்கச் செய்தபோது, குறையில்லாதவர்களின் விறைப்பு குறைந்தது; குறையுள்ளவர்களிடம் அவ்வாறு குறையவில்லை. ஏனெனில் அவர்களுடைய கவனம் முதலிலிருந்தே காட்சியில் இல்லை. தன் உறுப்பைப் பற்றியும் வரப்போகும் தோல்வியைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருப்பவனிடமிருந்து புதிதாக எந்தக் கவனத்தைத் திருட முடியும்?

இந்த ஆய்வுகளிலிருந்து பார்லோ வந்தடைந்த முடிவைத்தான் உங்கள் பிரச்சினையின் மையமாக நான் கருதுகிறேன். பதற்றம் ஒருவருடைய கவனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. குறையில்லாதவரின் படபடப்பு அவரை மனைவியின் தோள், வாசனை, மூச்சு ஆகியவற்றை நோக்கி இன்னும் தீவிரமாகத் தள்ளுகிறது. மற்றவரின் படபடப்பு அவரை இடுப்புக்குக் கீழே பார்க்க வைக்கிறது. அவர் அந்த அறையில் கணவராக இருப்பதை விட்டுவிட்டுத் தேர்வு மேற்பார்வையாளராக மாறிவிடுகிறார். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவரும் 1970இலேயே இதற்குப் ‘பார்வையாளர் நிலை’ என்ற பொருள்படும் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

பார்வையாளருக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. நீண்ட நேரக் கூடலில் விறைப்பு ஒரே சீராக நிற்பதில்லை. கூடும், குறையும், மீண்டும் கூடும். மனைவியின் ஆடையை அவிழ்க்கும்போது, பேசிச் சிரிக்கும்போது, ஆணுறை அணியும்போது, நிலை மாறும்போது சற்றுக் குறைவது எல்லா ஆண்களுக்கும் நடப்பது. கவனிக்காதவருக்கு அது நடந்ததே தெரியாது. கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பிவிடும். மேற்பார்வையாளரோ நொடிக்கு நொடி அளந்துகொண்டிருப்பதால் அந்த முதல் சிறு சரிவிலேயே ‘ஆரம்பித்துவிட்டது’ என்று திடுக்கிடுகிறார். திடுக்கிடலோடு நார்அட்ரினலின் பாய்கிறது. இயல்பாக வந்த சிறு சரிவு முழுச் சரிவாகிறது. அது அடுத்த முறை இன்னும் கூர்ந்து பார்க்கக் காரணமாகிறது. சுழல் என்று சொல்வது இதைத்தான்.

சுழலுக்குத் தீனி போடும் பழக்கங்களும் இருக்கின்றன, அவற்றில் முதலாவது அவசரம். விறைப்பு இருக்கும்போதே ‘முடித்துவிட வேண்டும்’ என்று உள்ளே நுழையப் பார்ப்பதால் மனைவியின் உடல் ஆயத்தமாவதற்கு நேரம் கிடைப்பதில்லை. அவருக்கு வலிக்கிறது, முகம் சுளிக்கிறார், அந்தச் சுளிப்பைத் தன்மீதான தீர்ப்பாகக் கணவர் வாசிக்கிறார். விந்து முந்துவது சிலருக்கு இதோடு சேர்ந்து வருவதற்கும் இந்த அவசரம் ஒரு காரணம். இரண்டாவது, சோதனை. பகலில் குளியலறையில் ‘வேலை செய்கிறதா’ என்று தொட்டுப் பார்ப்பது. மூன்றாவது, தவிர்ப்பு. மனைவி தூங்கும்வரை கைபேசியோடு கூடத்திலேயே உட்கார்ந்திருப்பது, நெற்றியில் முத்தமிட்டால்கூட ‘எங்கே போய் முடியுமோ’ என்று அணைப்பையே நிறுத்திவிடுவது. இந்தக் கடைசிப் பழக்கம்தான் மனைவியை அதிகம் காயப்படுத்துகிறது. ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்றோ ‘வேறு யாரோ இருக்கிறார்கள்’ என்றோ அவர் முடிவு கட்டுவதும், ஆறுதலாக ‘பரவாயில்லை, இன்னொரு தடவை பார்க்கலாம்’ என்று அவர் சொல்வது கணவரின் காதில் மறுதேர்வு அறிவிப்பாக ஒலிப்பதும் நான் அடிக்கடி காண்பவை.

தோல்விக்கு என்ன காரணம் கற்பித்துக்கொள்கிறோம் என்பதும் சாதாரண விஷயம் அன்று. பார்லோவின் குழு 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குறையில்லாத இளைஞர்களிடம் ‘உங்கள் விறைப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது’ என்று பொய்யாகச் சொன்னார்கள். ஒரு பாதியினரிடம் ‘காட்சி மோசமாக இருந்ததால் இருக்கலாம்’ என்றும், மறு பாதியினரிடம் பழி அவர்களுடைய மனப்பாங்கிலேயே இருப்பதாகவும் காரணம் சொன்னார்கள். அடுத்த காட்சியில் முதல் பாதியினருக்கே நல்ல விறைப்பு வந்தது. இதை நம் ஊர் நிலைமையோடு வைத்துப் பாருங்கள். திருமணத்துக்கு முன் மூன்று நாள் தூக்கமில்லை, அதிகாலை முகூர்த்தத்துக்காக இரண்டு மணிக்கே எழுந்தாயிற்று, மாலை வரவேற்பில் நான்கு மணி நேரம் நின்றாயிற்று, முதலிரவு அறைக்கு வெளியே உறவினர்கள் படுத்திருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரோ நான்கைந்து முறை மட்டுமே பேசிப் பழகிய பெண். அன்று விறைப்பு வராவிட்டால் காரணம் அந்த நாள்தான். ஆனால் பையன் நினைத்துக்கொள்வதோ ‘சிறு வயதில் கைப்பழக்கம் இருந்ததே, அதனால் நரம்பு தளர்ந்துவிட்டது’ என்று. மாறும் காரணத்தை மாறாத காரணமாக ஆக்கிக்கொள்கிறான். விடுதியில் அறை எடுத்து, ஊர் ஊராகத் தேதி போட்டு விளம்பரம் செய்கிறவர்கள் விற்பது இந்த மாறாத காரணத்தைத்தான். லேகியம் அதனோடு வரும் இலவச இணைப்பு. ஆண்மைக் குறைவைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது என்பது இங்கே பலருக்கும் தெரியாது. சுயஇன்பம் நரம்பையோ விந்தையோ அழிப்பதில்லை.

உடம்பா மனசா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், குழாய்களும் நரம்புகளும் ஒழுங்காக இருக்கின்றன என்றே தோன்றுகிறது. தனியாக இருக்கும்போது முழு விறைப்பு வந்து நிலைப்பது, அதிகாலையில் இருப்பது, ஒரு சூழலில் மட்டும் போய்விடுவது ஆகியவை அனைத்தும் அந்தப் பக்கமே கைகாட்டுகின்றன. ரத்தக் குழாய் அடைப்பால் வருவது மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேயும்; தனிமை, காலை, மனைவி என்று பேதம் பார்க்காது. ஆயினும் பரிசோதனையைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன். ஆண்குறித் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை என்பதால், இதய நோய் சில ஆண்டுகளுக்கு முன்பே இங்கே முகம் காட்டுவதுண்டு. முப்பதுகளிலேயே சர்க்கரை நோய் தொடங்குவதும் நம்மிடையே அரிதன்று. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, காலை நேரத்தில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைடு, சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவையும் பாலுணர்வைக் குறைக்கக்கூடும். சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். காலை விறைப்பு இல்லாமல் போனாலும் உடனே உடல்நோய் என்று முடிவு செய்ய முடியாது. தூக்கம் கெட்டிருந்தாலோ மனச்சோர்வு இருந்தாலோ அதுவும் குறையும்.

இவை சரியாக இருந்தால் அடுத்தகட்டச் சோதனைகளுக்கு ஓட வேண்டியதில்லை. உறுப்பில் ஊசி போட்டு ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் சோதனையில், பதற்றம் மிகுந்த இளைஞர்களுக்குச் ‘சிரை கசிகிறது’ என்று தவறான முடிவு வருவதுண்டு. அறிமுகமில்லாத அறை, ஊசி, சுற்றிலும் ஆட்கள் என்ற நிலையில் நார்அட்ரினலின் தசையைத் தளரவிடாததால் சிரைகள் அடைபடாமல் போகின்றன. கருவி அதைக் கசிவு என்று எழுதிவிடுகிறது. அந்தத் தாளோடு வருகிறவரை அவர் நோயாளி அல்லர் என்று நம்பவைப்பது பெரும்பாடு.

எப்படி வெளியே வருவது என்பதை ஒரு தம்பதியின் கதையாகவே சொல்கிறேன். பலரிடம் கண்டவற்றை ஒருவராகச் சேர்த்துச் சொல்வதால் யாருடைய அடையாளமும் இதில் இல்லை. கணவருக்கு 31 வயது, மனைவிக்கு 27. மணமாகி ஏழு மாதம் ஆகியும் உறவு நிகழவில்லை. முதலிரவில் களைப்பால் விறைப்பு வரவில்லை. இரண்டாம் நாள் வந்து, உள்ளே செல்லும் தருணத்தில் போய்விட்டது. இரண்டாவது வாரத்திலிருந்து தொடுவதே நின்றுவிட்டது. ‘விசேஷம் உண்டா?’ என்று மாமியார் கேட்கத் தொடங்கியிருந்தார். ஒரு மண்டலம் லேகியம் சாப்பிட்டாயிற்று. பிறகு மருந்துக் கடையில் தானாகவே சில்டெனஃபில் என்ற விறைப்பு மாத்திரையை வாங்கி, பிரியாணி சாப்பிட்ட கையோடு விழுங்கி, இருபது நிமிடத்தில் சோதித்துப் பார்த்து, ‘மாத்திரையே வேலை செய்யவில்லை என்றால் நான் முடிந்தேன்’ என்ற முடிவோடு வந்திருந்தார்.

அந்த மாத்திரையைப் பற்றி முதலில் பேசினோம். நைட்ரிக் ஆக்சைடு கிளப்பிவிடும் தளர்வுச் செய்தி சீக்கிரம் அழிந்துவிடாமல் காப்பது மட்டுமே அதன் வேலை; செய்தியே புறப்படாவிட்டால் அதற்குக் காக்க எதுவும் இல்லை. வேலை தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், கொழுப்பு மிகுந்த உணவோடு சாப்பிட்டால் இன்னும் தாமதமாகும். அவர் சாப்பிட்ட விதத்தில் அது தோற்றது மருந்தியலின்படி சரியே, அவருடைய உடலைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. இதைக் கேட்டபோதுதான் அவர் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து இருவரிடமும் சேர்த்து ஒரு தடை விதித்தேன். நான் சொல்லும்வரை உடலுறவு கூடாது, முயற்சியும் கூடாது, நன்றாக விறைப்பு வந்தாலும் கூடாது. இது மாஸ்டர்ஸும் ஜான்சனும் வகுத்த தொடுகைப் பயிற்சியின் முதல் விதி. மேற்பார்வையாளரை வேலையிலிருந்து நீக்க ஒரே வழி தேர்வையே ரத்து செய்வதுதான். மனைவிக்கும் இது நிம்மதி தருகிறது. வலிக்குமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது.

வாரத்துக்கு மூன்று நாள், ஆளுக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம், முறை வைத்துத் தொட வேண்டும். முதல் கட்டத்தில் மார்பும் பிறப்புறுப்புகளும் விலக்கு. தொடுகிறவர் மற்றவரை மகிழ்விப்பதற்காகத் தொடக் கூடாது. தன் விரல்நுனி உணர்வதை அறிவதற்காகத் தொட வேண்டும். தோல் இங்கே சூடா குளிர்ச்சியா, மென்மையா சொரசொரப்பா, மெல்லத் தொட்டால் எப்படி, அழுத்தினால் எப்படி என்ற மூன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மனம் ‘விறைத்ததா’ என்று பார்க்கப் போனால் அதோடு சண்டை போடாமல் விரல்நுனிக்குத் திரும்ப வேண்டும். எத்தனை முறை விலகினாலும் கணக்கில்லை, திரும்புவதுதான் பயிற்சி.

முதல் வாரம் கணவர் சொன்னது, “ஒன்றும் தோன்றவில்லை, மருத்துவர் அய்யா, வீட்டுப்பாடம் மாதிரி இருக்கிறது.” சலிப்பு நல்ல அறிகுறி, பதற்றம் இருக்கும் இடத்தில் சலிப்பு இருக்காது. இரண்டாவது வாரம் மனைவி பேசினார்: “ஏழு மாசத்துல இப்பதான் இவர் என் முதுகைத் தொட்டிருக்கார்.” மூன்றாவது வாரத்தில் முதுகைத் தொடும்போதே கணவருக்கு விறைப்பு வந்தது. அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இருந்ததால் அவர் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. காப்பாற்றாததால் அது நின்றது.

நான்காவது வாரம் மார்பையும் உறுப்புகளையும் தொடுகையில் சேர்த்தோம், அதே மூன்று கவனங்களோடு. ஐந்தாவது வாரத்தில், என் கணிப்பில் இந்தச் சிகிச்சையிலேயே முக்கியமான கட்டம் வந்தது. விறைப்பு வந்தவுடன் தொடுகையை நிறுத்திவிட்டு, அது முழுவதும் அடங்கும்வரை இருவரும் பேசிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். பிறகு மீண்டும் தொட வேண்டும். ஒரே அமர்வில் இரண்டு மூன்று முறை இப்படி வேண்டுமென்றே போகவிட்டு வரவிட வேண்டும். ‘போனால் திரும்பி வராது’ என்பதுதான் அவர் பயத்தின் ஆணிவேர். வாயால் ஆயிரம் முறை சொல்லியும் அசையாத அந்த நம்பிக்கை, மூன்றாவது முறை விறைப்பு திரும்பியபோது அசைந்தது. இந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தவர்கள்தான் பின்னர் அதிகம் சறுக்குகிறார்கள்.

ஆறாவது வாரம் இருவரும் தடையை மீறிவிட்டார்கள், உறவும் நடந்தது. மீறலைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்தாலும், தடை இன்னும் நடப்பில் இருக்கிறது என்றே சொன்னேன். எதிர்பார்த்தபடி அடுத்த முயற்சியில், ‘போன தடவை போல வரவேண்டுமே’ என்ற புதிய தேர்வு தொடங்கி, விறைப்பு போனது. வெற்றியும் சுழலுக்குத் தீனியாகும் என்பதை அவர் அன்று புரிந்துகொண்டார். இரண்டு வாரம் பின்வாங்கிப் பழைய கட்டத்துக்குச் சென்று, பிறகு முறைப்படி, மனைவி மேலே இருந்து, அசைவில்லாமல் சற்று நேரம் உள்ளே வைத்திருந்து விலகுவதில் தொடங்கி முன்னேறினார்கள். முழுதும் முடிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது.

மாத்திரையே வேண்டாமா என்றால், நான் அதற்கு எதிரி அல்லன். இதயத்துக்காக நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். அந்தத் தடை இல்லாத இளைஞருக்கு, தொடுகைப் பயிற்சியின் பிற்பகுதியில் சில வாரங்களுக்குக் குறைந்த அளவில், மருத்துவர் மேற்பார்வையில் கொடுப்பது பயனுள்ளது. தனியாகக் கொடுத்தால் ஒரு சிக்கல் உண்டு: நடந்த ஒவ்வொரு நல்ல இரவின் பெருமையையும் மாத்திரை எடுத்துக்கொள்கிறது. பையில் மாத்திரை இல்லாத நாளில் பயம் பழைய அளவிலேயே காத்திருக்கும். ‘மூலிகை’ என்ற பெயரில் விற்கப்படும் வேகமான மருந்துகள் சிலவற்றில் இதே சில்டெனஃபில் சொல்லாமல் கலக்கப்பட்டிருந்தது ஆய்வில் பிடிபட்டிருக்கிறது. அளவு தெரியாமல் சாப்பிடுவதால் அவை இன்னும் ஆபத்து. பதற்றத்தைத் தணிக்கக் கொஞ்சம் மது அருந்தலாமா என்றும் கேட்பார்கள். மது பதற்றத்தோடு சேர்த்து நரம்புச் செய்தியையும் மழுக்குகிறது.

மேலே சொன்ன பயிற்சி எல்லோருக்கும் பொருந்தாது. மனைவிக்கு உள்ளே விரல் அளவுகூட ஏற்க முடியாத இறுக்கமோ வலியோ இருந்தால், கணவரின் விறைப்பு போவது அதற்கு எதிர்வினையாகவும் இருக்கலாம். அப்போது முதலில் பெண் மருத்துவரிடம் அவருக்கான சிகிச்சை தொடங்க வேண்டும். விருப்பமில்லாத திருமணம், இன்னொருவரிடம் ஈர்ப்பு, ஆண்களிடம் மட்டுமே ஈர்ப்பு என்பவை இருந்தால் தொடுகைப் பயிற்சி அவற்றை மாற்றாது. மாற்ற முயல்வதும் தவறு. தனிமையில் மிக இறுக்கமான பிடியோடும் வேகத்தோடும் மட்டுமே பழகியவர்களுக்கு உடலுறவின் மென்மையான தொடுகை போதாமல் போவதுண்டு; அவர்கள் அந்தப் பழக்கத்தைச் சில வாரம் மாற்றிப் பார்க்க வேண்டும். கருத்தரிக்கும் நாளைக் கணக்கிட்டு ‘இன்றிரவு கட்டாயம்’ என்று வைப்பது குறையில்லாத ஆண்களையும் இந்தச் சுழலில் தள்ளும்.

உங்களைப் பொறுத்தவரை, இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பகல் நேரத்தில், படுக்கையறைக்கு வெளியே, நீங்கள் இங்கே எழுதியதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். குறிப்பாக, தனியாக இருக்கும்போது விறைப்பு வருவதையும் அவர் முன்னிலையில் போவதையும் சொல்லும்போது, ‘உன்னைப் பிடிக்காததால் இல்லை, உன் முன்னால் தோற்றுவிடுவேனோ என்ற பயத்தால்’ என்ற விளக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்; அது இல்லாவிட்டால் அவர் தப்பாகவே புரிந்துகொள்வார். பிறகு இரண்டு வாரத்துக்கு உறவு வேண்டாம் என்று இருவருமாக முடிவு செய்து, அணைப்பை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள். பரிசோதனை முடிவுகளோடு பாலியல் பிரச்சினைகளைப் பார்க்கும் மனநல மருத்துவரிடமோ ஆண்மையியல் மருத்துவரிடமோ செல்லும்போது இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். தனியாக வரும் கணவரிடம் நான் பெரும்பாலும் முதலில் கேட்பது அவருடைய மனைவி எங்கே என்பதைத்தான்.

மேலே சொன்ன தம்பதி ஓராண்டுக்குப் பிறகு ஒரு நாள் அழைத்தார்கள். மாமியார் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போயிருந்தபோது, மெல்லிய சுவருக்கு அப்பால் மைத்துனர் இருமிக்கொண்டிருந்த இரவில், அவருக்கு மறுபடியும் விறைப்பு போய்விட்டதாம். “என்ன செய்தீர்கள்?” என்றேன். “சிரித்துவிட்டுத் தூங்கிவிட்டோம்” என்றார்.